உலைமூடியும் கொதிநேரமும்

"உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது" என்பது நம் பழமொழி. ஊர்வாயைப் பற்றிப் பேசியோர் பலர். உலைவாயை மூடுவதனால் கிடைக்கும் பயன் எத்துணை என்று கணக்கிட்டுப் பார்த்தோர் மிகச் சிலரே. சோற்றுக்கென அடுப்பில் ஏற்றிய நீரையும், கொல்லன் இரும்பைப் பழுக்கக் காய்ச்சும் இடத்தையும் 'உலை' என்னும் ஒரே சொல்லால் தமிழ் சுட்டுகிறது. நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது அடுக்களை உலையை மட்டுமே. ஒரு குறிப்பிட்ட அளவு நீர் கொதிப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? எரிவாயு அடுப்பு, இண்டக்சன் அடுப்பு எனப்படும் தூண்டல் அடுப்பு, மின்கெட்டில் ஆகிய மூன்றிலும் அந்நேரம் எவ்வாறு வேறுபடும்? மூடி இட்டால் எவ்வளவு மிச்சமாகும்? இவ்வினாக்களுக்குப் பள்ளி இறுதி வகுப்பு இயற்பியலைக் கொண்டே விடை காணலாம்.

ஒரு கிராம் நீரை ஒரு பாகை செல்சியஸ் சூடேற்ற ஏறத்தாழ 4.2 ஜூல் வெப்பம் வேண்டும். நம் வீட்டுக் குழாய்நீர் 28 பாகையில் இருப்பதாகக் கொள்வோம். அது 100 பாகையை எட்ட 72 பாகை ஏற வேண்டும். எனவே ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 3 லட்சம் ஜூல் தேவை. இவ்வோர் எண்ணை நினைவில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதாகிவிடும். 'வாட்' என்பது ஒரு நொடிக்கு ஒரு ஜூல். ஆகவே 3 லட்சத்தை, ஒரு லிட்டர் நீர் கொதிக்க எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்தால், நம் அடுப்பு நீருக்கு உண்மையில் ஊட்டும் ஆற்றல் வாட் கணக்கில் கிடைக்கும். 5 நிமிடம், அதாவது 300 நொடி ஆயிற்று எனில், நீருக்குச் சேர்ந்தது 1000 வாட். கைக்கடிகாரம் ஒன்றும் லிட்டர் அளவை ஒன்றும் இருந்தால் போதும், எவரும் தம் வீட்டிலேயே இதனைச் செய்து பார்க்கலாம்.

அடுப்பின்மேல் எழுதியிருக்கும் வாட் வேறு, நீரைச் சேரும் வாட் வேறு. ஒரு மணி நேரத்தில் 160 கிராம் எரிவாயுவை எரிக்கும் நடுத்தர பர்னர் ஏறத்தாழ 2000 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. அதில் பெரும்பங்கு பாத்திரத்தின் பக்கங்களைத் தழுவிக்கொண்டு மேலே போய்விடுகிறது. எரிவாயு அடுப்பின் வெப்பத்திறன் சோதனைச்சாலையில் 68 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பது இந்திய தர நிர்ணய விதி. எனினும் அடுக்களையில் சிறிய பாத்திரமும் பெரிய சுடரும் சேரும்போது அது 55 விழுக்காடு அளவிற்குத் தாழ்வது இயல்பு. ஆக, 2000 வாட் சுடரிலிருந்து நீரையும் பாத்திரத்தையும் சேர்வது 1100 வாட்டே. சுடர் பாத்திரத்தின் அடியைத் தாண்டி வெளியே நாக்கு நீட்டுமானால், அந்த நாக்கு சூடேற்றுவது அறைக்காற்றை என்று அறிக.

தூண்டல் அடுப்பின் முறை வேறு. அது மாறும் காந்தப்புலத்தால் பாத்திரத்தின் அடியிலேயே வெப்பத்தைப் பிறப்பிக்கிறது. அதனால் 2000 வாட்டில் ஏறத்தாழ 1700 வாட் உள்ளே சேர்ந்துவிடும். ஆனால் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். அலுமினியம், பித்தளை, செம்பு ஆகியவற்றில் இவ்வடுப்பு வேலை செய்யாது. எவர்சில்வரிலும் எல்லாம் ஒட்டுவதில்லை. கடைக்குப் போகும்போது ஒரு சிறு காந்தத்தை எடுத்துச் செல்வதே தக்க சோதனை. மின்கெட்டிலிலோ வெப்பக்கம்பி நீரின் அடித்தட்டோடு ஒட்டியே இருக்கிறது, இழப்பு சிறிதே. 1500 வாட் கெட்டிலில் ஒரு லிட்டர் நீர் இழப்பே இல்லையெனினும் 200 நொடி எடுக்கும். நடைமுறையில் 4 நிமிடத்தை ஒட்டி அமையும்.

இப்போது மூடிக்கு வருவோம். மூடி ஆவியைத் தடுக்கிறது என்பது யாவரும் அறிந்ததே. எப்போது தடுக்கிறது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகிப் பறக்கும்போது ஏறத்தாழ 2260 ஜூல் வெப்பத்தைத் தன்னுடன் கொண்டு செல்கிறது. அதே ஒரு கிராம் நீரை 28 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொணர 300 ஜூல் போதும். அஃதாவது, அரை டம்ளருக்கும் குறைவான 50 மில்லி நீர் ஆவியாகப் போனால், ஏறத்தாழ 375 மில்லி நீரைக் கொதிநிலைக்கு ஏற்றியிருக்கக்கூடிய வெப்பம் அத்துடன் போயிற்று. மூடி இருக்குமானால் அந்த ஆவி மூடியின் உட்புறத்தில் படிந்து, சுமந்து சென்ற வெப்பத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிட்டுச் சொட்டாக வீழ்கிறது.

ஆயினும் இவ்விழப்பு தொடக்கம் முதல் ஒரே சீராக இருப்பதில்லை. நீராவியின் அழுத்தம் 60 பாகையில் காற்றழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 80 பாகையில் ஏறக்குறையப் பாதி. 100 பாகையில் சமம். ஆகவே முதல் பாதிப் பயணத்தில் மூடி இருப்பதும் இல்லாததும் ஏறத்தாழ ஒன்றே. இழப்பெல்லாம் கடைசி 20 பாகையில் குவிகிறது. இந்தக் கடைசிக் கட்டத்தில் உள்ளே வரும் வெப்பத்திற்கும் வெளியே போகும் வெப்பத்திற்கும் ஒரு போட்டி நடக்கிறது. மூடியின் பயன் எவ்வளவு என்பது அந்தப் போட்டியைப் பொறுத்தது. அதற்கென நிலையான விழுக்காடு ஒன்று கிடையாது.

எடுத்துக்காட்டாக, 20 செ.மீ. அகலமுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு லிட்டர் நீரை வைப்போம். பாத்திரத்தின் சூட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், தூண்டல் அடுப்பில் மூடியுடன் 3 நிமிடத்திற்குச் சற்று மேல்; மூடியின்றி மூன்றரை நிமிடம். மிச்சம் 20 நொடியே. நடுத்தர எரிவாயுச் சுடரில் மூடியுடன் 5 நிமிடம். மூடியின்றி 6 நிமிடத்தை ஒட்டும். அதே பர்னரைச் 'சிம்'மில் வைத்து, நீருக்கு 500 வாட் மட்டுமே சேரும்படி செய்தால், மூடியுடன் 11 நிமிடம். மூடியின்றி 20 நிமிடம் வரை நீளும். இவை தோராயக் கணக்குகளே. அறையில் மின்விசிறி சுழன்றால் மூடியில்லாப் பாத்திரத்தின் நேரம் இன்னும் கூடும். எனினும் போக்கு தெளிவு. அடுப்பு விரைவாயின் மூடி சிறு உதவி. அடுப்பு மெலிதாயின் மூடியே பெரும் உதவி. 'எரிவாயுவைச் சேமிக்கிறோம்' என்று சுடரைக் குறைத்துவிட்டு மூடியை மறப்போர் சேமிப்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

நீரின் அளவு கூடும்போது நேரம் எவ்வாறு கூடும்? இரு மடங்கு நீருக்கு இரு மடங்கு நேரம் என்பது பொதுவிதி. சிறிய அளவில் இவ்விதி சற்றே பிசகும். 700 கிராம் எடையுள்ள எவர்சில்வர் பாத்திரம் சூடாவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பம் ஏறத்தாழ 80 மில்லி நீருக்குச் சமம். ஒரு லிட்டருக்கு இது பொருட்டன்று. கால் லிட்டருக்கோ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சுமை. ஒரு குவளைத் தேநீருக்குக் கனத்த பாத்திரத்தை ஏற்றுவது வீண்.

பெரிய அளவிலோ நிலைமை கவலைக்குரியது. 30 செ.மீ. அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் 10 லிட்டர் நீரை வீட்டு அடுப்பின் 2000 வாட் சுடரில் ஏற்றுவோம். அடி அகலமாதலின் 1200 வாட் உள்ளே சேர்வதாகக் கொள்ளலாம். மூடி இருந்தால் 45 நிமிடத்தை ஒட்டிக் கொதித்துவிடும். திறந்த வாயின் வழியே, நீர் 90 பாகையைக் கடந்தபின் வெளியேறும் வெப்பம் 800 முதல் 1000 வாட் வரை ஆகும். வரவு 1200, செலவு 1000 என்றால் கையிருப்பு என்ன இருக்கும்? கடைசிப் பத்துப் பாகையை ஏற மட்டும் அரைமணி நேரம் வேண்டும். மொத்தம் ஒன்றேகால் மணி நேரமும் அதற்கு மேலும் ஆகலாம். எரிவாயுக் கணக்கில் 120 கிராமுக்குப் பதில் 200 கிராம். சுடரைச் சற்றுக் குறைத்துவிட்டாலோ வரவும் செலவும் சமமாகி, நீர் 90 பாகைக்கு மேல் ஏதோ ஓரிடத்தில் நின்றுவிடும். எத்துணை நேரம் காத்திருப்பினும் கொதிக்காது.

குடிநீர் காய்ச்சும் வீடுகளில் இதுவே ஏமாற்றும் இடம். ஆவி பறக்கிறது, சிறு குமிழிகள் எழுகின்றன, ஆகவே கொதித்துவிட்டது என்று இறக்கிவிடுகின்றனர். 50, 60 பாகையில் பாத்திரத்தின் அடியில் ஒட்டும் சிறு குமிழிகள் நீரில் கரைந்திருந்த காற்று. 80 பாகைக்கு மேல் 'உஸ்' என்ற இரைச்சல் கேட்கும். அடியில் பிறந்த ஆவிக்குமிழிகள் மேலுள்ள குளிர்ந்த நீரில் உடைந்து மடியும் ஒலி அது. அவ்விரைச்சல் அடங்கி, பெருங்குமிழிகள் அடியிலிருந்து மேற்பரப்பு வரை எழுந்து, நீர் முழுவதும் தளதளவென்று புரளும் நிலையே கொதிநிலை. கரண்டியால் கலக்கினாலும் அப்புரளல் நிற்காது. நோய்க்கிருமிகள் அழிய அந்நிலையை ஒரு நிமிடம் காத்தால் போதும். பின்னர் மூடியபடியே ஆறவிட வேண்டும். பத்து லிட்டரை ஒரே உலையாக ஏற்றுவதைவிட, மூடியுள்ள பாத்திரத்தில் ஐந்து ஐந்தாகக் காய்ச்சுவது ஐயத்திற்கு இடந்தராது.

மின்கெட்டிலில் இந்த ஏமாற்றம் இல்லை. ஏனெனில் கொதித்த பின்னரே அது தானாக நிற்கிறது. கொதிநீரின் ஆவி ஒரு சிறு வழியாகச் சென்று ஈருலோகத் தகட்டைச் சூடாக்க, அது வளைந்து இணைப்பைத் துண்டிக்கிறது. அதனால் கெட்டிலின் மூடியைத் திறந்துவைத்தால் ஆவி வெளியே போய்விடும். கெட்டில் நிற்காமல் கொதித்துக்கொண்டே இருக்கும். நீர் வற்றினால் காக்கும் தனிக் கருவி பெரும்பாலானவற்றில் உண்டெனினும், அதை நம்பி அகன்று போதல் தகாது. மின்னழுத்தக் குறைவும் கெட்டிலை நேரே தாக்கும். 230 வோல்ட்டில் 1500 வாட் தரும் கெட்டில், மாலை வேளையில் அழுத்தம் 200 வோல்ட்டாகத் தாழுமானால் ஏறத்தாழ 1130 வாட்டே தரும். 4 நிமிடம் 5 நிமிடத்திற்கு மேலாகும். கெட்டில் பழுதாயிற்று என்று கடைக்காரரிடம் சண்டையிடுமுன் அழுத்தத்தைப் பார்ப்பது நன்று.

மலையூர்களில் இக்கணக்கு சற்று மாறும். 2200 மீட்டருக்கு மேல் அமைந்த உதகமண்டலத்தில் நீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும். ஏற வேண்டிய பாகை குறைவு. ஆனால் அங்குக் குழாய்நீரே குளிர்ந்திருப்பதால் நேரத்தில் பெரிய மிச்சம் இராது. குடிநீரை அங்கு ஒரு நிமிடத்திற்குப் பதில் மூன்று நிமிடம் புரளவிட வேண்டும். அரிசியும் பருப்பும் வேகக் கூடுதல் நேரம் பிடிப்பதும் அக்குறைந்த சூட்டினாலேயே.