கார்ல் பாஸை விலக்கியது யார்?

2001 மார்ச்சில் ஆர்தர் ஆண்டர்சன் என்ற அமெரிக்கத் தணிக்கை நிறுவனம் தன் நிபுணர் ஒருவரை ஒரு பொறுப்பிலிருந்து ஒதுக்கியது. அவர் பெயர் கார்ல் பாஸ். சிக்கலான கணக்கு வந்தால் கிளை அலுவலகங்கள் கருத்துக் கேட்கும் தரநிலைப் பிரிவில் இருந்தவர். ஹூஸ்டனைச் சேர்ந்த எரிசக்தி நிறுவனமான என்ரானின் கணக்குமுறைகள் சிலவற்றை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. என்ரான் முறையிட்டது. அதன்பின் என்ரான் விவகாரம் எதுவும் அவரிடம் போகவில்லை.

அவர் மறுத்தவற்றில் ஒன்று ‘ராப்டர்’ எனப்பட்ட நான்கு அமைப்புகளின் கணக்கு. தன் முதலீடுகளின் விலை விழுந்தால் இந்த அமைப்புகள் நஷ்டத்தை ஈடுகட்டும் என்று என்ரான் சொன்னது. ஆனால் அவற்றிடம் இருந்த சொத்தில் பெரும்பகுதி என்ரானின் சொந்தப் பங்குதான். முதலீட்டோடு சேர்ந்து பங்கு விலையும் சரிந்தபோது ஈடுகட்டப் பணம் இல்லை. இரண்டு ராப்டர்களில் பற்றாக்குறை விழுந்தது. மற்ற இரண்டில் இருந்த மிச்சத்தைக் காட்டி அதை மறைக்க என்ரான் முனைந்தது. கூடாது என்றார் பாஸ். ஹூஸ்டன் குழு அனுமதித்தது. அவர் சம்மதித்தது போலவே கோப்பிலும் எழுதி வைத்தது. 50 கோடி டாலருக்கும் மேற்பட்ட இழப்பு அந்தக் காலாண்டுக் கணக்கில் வராமல் போனது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று என்ரான் திவாலானது.

ஏன் அனுமதித்தார்கள்? 2000-ஆம் ஆண்டில் என்ரான் ஆண்டர்சனுக்குத் தணிக்கைக்காக 2.5 கோடி டாலரும், ஆலோசனை முதலிய பிற பணிகளுக்காக 2.7 கோடி டாலரும் தந்தது. வாரத்துக்குப் பத்து லட்சம் டாலர். உலகெங்கும் கிளை விரித்திருந்த ஆண்டர்சனின் மொத்த வருமானத்தில் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் அது சுதந்திரத்தைப் பாதிக்காது என்று வாதிடலாம். நான் ஏற்கமாட்டேன். கணக்கில் கையெழுத்திடுவது ஹூஸ்டன் அலுவலகத்தின் ஒரு பார்ட்னர். அவருடைய பதவி, ஊதியம், செல்வாக்கு எல்லாமே அந்த ஒரு வாடிக்கையாளரைச் சார்ந்திருந்தன. முரண் நலனை அளக்க வேண்டிய இடம் அந்த மேசைதான். என்ரானின் தலைமைக் கணக்கு அதிகாரியே முன்பு ஆண்டர்சனில் வேலை பார்த்தவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதைப் பார்த்துத்தான் 2002-இல் அமெரிக்காவில் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் வந்தது. ஆடிட்டரை நியமிப்பதும் அவருக்கு ஊதியம் முடிவு செய்வதும் நிர்வாகத்தின் கையிலிருந்து சுயேச்சை இயக்குநர்கள் கொண்ட தணிக்கைக் குழுவுக்குப் போயின. தலைமைப் பார்ட்னர் 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற வேண்டும் என்றானது.

இந்தியாவின் 2013 கம்பெனிகள் சட்டம் சில இடங்களில் இதைவிடக் கடுமையானது. பட்டியலிட்ட கம்பெனிகளில் தணிக்கை நிறுவனமே 10 ஆண்டுக்குமேல் தொடர முடியாது. தான் தணிக்கை செய்யும் கம்பெனிக்கே கணக்கு எழுதித் தருவது, உள்தணிக்கை, முதலீட்டு ஆலோசனை போன்ற பணிகளைச் செய்ய 144-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. தான் எழுதிய கணக்கைத் தானே சரி என்று சொல்லும் நிலை வரக்கூடாது என்பதே காரணம். பதவிக்காலம் முடியுமுன் ஆடிட்டரை நீக்க மத்திய அரசின் முன் அனுமதியும் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானமும் தேவை.

ஆனால் பாஸை விலக்கியது என்ரான் அல்ல. அவருடைய சொந்த நிறுவனம். நீக்கத் தடை அங்கே உதவாது. அங்கே உதவுவது தணிக்கைத் தரநிலைகள்: குழுவுக்கும் கருத்துச் சொன்ன நிபுணருக்கும் வேறுபாடு இருந்தால், அது தீரும்வரை அறிக்கையில் தேதியிடக் கூடாது, யார் என்ன சொன்னார், எப்படி முடிவானது என்பது கோப்பில் இருக்க வேண்டும். 2018-இல் அமைந்த தேசிய நிதி அறிக்கை ஆணையம் இந்தக் கோப்புகளை வாங்கிப் பார்க்கிறது. எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் பாதுகாப்பு இதுதான். கட்டணத்தைக் கம்பெனியே தரும்வரை ஆடிட்டர்மேல் அழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். மறுப்பு எழுத்தில் நின்றால் அதை அழிப்பவர் மாட்டிக்கொள்வார்.

சிறு முதலீட்டாளரும் ஒன்று பார்க்கலாம். ஆண்டறிக்கையில், நிதிநிலைக் குறிப்புகளில் ‘ஆடிட்டருக்குத் தந்த தொகை’ என்று ஒரு பகுதி இருக்கும். தணிக்கைக் கட்டணம், வரி விவகாரங்கள், பிற சேவைகள் எனப் பிரித்திருப்பார்கள். பிற சேவைக்கான தொகை தணிக்கைக் கட்டணத்தை நெருங்கினால், அது எந்தச் சேவை என்று பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கலாம்.

என்ரான் பங்குதாரர்களுக்கும் அந்த விவரம் கிடைத்தது. 2.5 கோடி, 2.7 கோடி என்ற இரண்டு எண்களும் 2001 ஆண்டுக் கூட்டத்துக்கு முன் அவர்களுக்குப் போன அறிக்கையில் அச்சாகியிருந்தன.