ஆக்சாலிக் அமிலம், 1.592 கிராம்

பிளஸ் டூ வேதியியல் செய்முறை ஏட்டில் ஆக்சாலிக் அமிலக் கரைசல் தயாரிக்கும் பக்கத்தைப் புரட்டினால், பல நோட்டுகளில் ஒரே வரி கண்ணில் படும்: 1.575 கிராம் அமிலத்தை நீரில் கரைத்து 250 மி.லி. ஆக்கினேன், மோலாரிட்டி 0.05. வகுப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் மூன்றாவது தசமம் வரை ஒரே எடை தராசில் வந்திருக்க வழியில்லை. அந்த 1.575 என்பது எடுக்க வேண்டிய எடை. உண்மையில் எவ்வளவு எடுத்தோம் என்பது வேறு எண். இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் அந்தப் பக்கத்தில் சரிபார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

முதலில், எடுக்க வேண்டிய எடை எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் கரைபொருள் இருக்கிறதோ அதுவே மோலாரிட்டி. நமக்கு வேண்டியது 0.05 மோலாரிட்டி, 250 மி.லி. அதாவது கால் லிட்டர். 0.05-ஐ 0.250-ஆல் பெருக்கினால் 0.0125 மோல். பள்ளி ஆய்வகத்தில் கிடைக்கும் ஆக்சாலிக் அமிலம் படிகநீரோடு இருப்பது. பாட்டில் சீட்டில் H₂C₂O₄·2H₂O என்று அச்சிட்டிருக்கும். அதன் மோலார் நிறை 126.07. இதை 0.0125-ஆல் பெருக்க 1.576 கிராம் வருகிறது. 126 என்று முழு எண்ணாக வைத்துக் கணக்கிட்டவர்களுக்கு 1.575. இரண்டும் சரிதான், அந்த வித்தியாசம் எந்த முடிவையும் பாதிக்காது.

இனி உண்மையில் எடுத்த எடை. படிகம் உள்ள எடைக்குப்பியைத் தராசில் வைத்தபோது 14.862 கிராம் என்று வைத்துக்கொள்வோம். படிகத்தைப் புனல் வழியாக 250 மி.லி. அளவுக்குடுவைக்குள் கொட்டிவிட்டு, அதே குப்பியை மறுபடி நிறுத்தபோது 13.270 கிராம். வித்தியாசம் 1.592 கிராம். கொட்டிய பிறகு குப்பியை இரண்டாம் முறை நிறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. சுவரில் ஒட்டிக்கொண்ட தூள் குடுவைக்குள் போகவில்லை, அது கணக்கிலும் வரக்கூடாது. அதனால்தான் காலிக் குப்பியை முதலில் நிறுத்து வைத்துக்கொள்ளும் வழக்கத்தைவிட இந்த முறை நம்பகமானது. ஏட்டில் மூன்று எண்களும் இருக்க வேண்டும். வித்தியாசம் மட்டும் எழுதப்பட்ட ஏட்டில் கழித்தலைக்கூட யாரும் சரிபார்க்க முடியாது.

1.592-ஐ 126.07-ஆல் வகுத்தால் 0.01263 மோல். அதை 0.250 லிட்டரால் வகுத்தால் 0.0505. இதுதான் இந்தக் கரைசலின் மோலாரிட்டி. 0.05 அல்ல. எடை கூடிவிட்டதே என்று படிகத்தைத் துளித்துளியாகத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. 1.576-க்குப் பக்கத்தில் ஏதோ ஓர் எடை, ஆனால் அது துல்லியமாகத் தெரிந்த எடை. அவ்வளவு போதும். சரியாக 1.576 வர வேண்டும் என்று கால் மணி நேரம் தராசோடு மல்லுக்கு நிற்கும் மாணவர்களைப் பார்க்கும்போது, இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாமே என்று மனம் வருந்துகிறது.

கால்குலேட்டர் 0.050512 என்று நீட்டிக் காட்டும். அத்தனை இலக்கங்களையும் ஏட்டில் இறக்குவதில் பொருளில்லை. பியூரெட்டில் நாம் படிப்பது 0.1 மி.லி. அளவுக்கு, மிஞ்சினால் அதில் பாதி. 20 மி.லி.யில் அது இருநூறில் ஒரு பங்கு. 0.0505 என்று நிறுத்திக்கொள்வதே அளவீட்டுக்கு உண்மையாக இருப்பது.

ஒரு சதவீத வித்தியாசத்துக்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். இந்தக் கரைசலை 20 மி.லி. பிப்பெட்டால் எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கி, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கிறோம். வினையில் 5 மோல் ஆக்சாலிக் அமிலத்துக்கு 2 மோல் பெர்மாங்கனேட் செலவாகிறது. பியூரெட்டில் 20.2 மி.லி. செலவானது என்றால், 0.0505 வைத்துக் கணக்கிட பெர்மாங்கனேட்டின் மோலாரிட்டி 0.0200. அதே பியூரெட் அளவுக்கு 0.05 என்று போட்டால் 0.0198. பியூரெட்டைக் கவனமாகப் பிடித்து, ஒன்றோடொன்று ஒத்த அளவுகள் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்தும், பிழை முதல் வரியிலேயே புகுந்துவிட்டது. அடுத்து இந்தப் பெர்மாங்கனேட்டை வைத்து எதைக் கண்டுபிடித்தாலும் அதிலும் அந்த ஒரு சதவீதம் கூடவே போகும்.

பெரிய பிழைகள் வேறு மாதிரி. அவை ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு விகிதத்தை விட்டுச் செல்கின்றன. அந்த விகிதத்தைப் பிடித்துவிட்டால், ஏட்டை எழுதியவர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் எங்கே சறுக்கினார் என்று சொல்லிவிடலாம்.

அடிக்கடி நேர்வது படிகநீரை மறப்பது. வாய்ப்பாட்டை H₂C₂O₄ என்று மட்டும் எழுதினால் மோலார் நிறை 90.03. அப்போது எடுக்க வேண்டிய எடை 1.125 கிராம் என்று வரும். ஆனால் பாட்டிலில் இருப்பதோ படிகநீர் உள்ள அமிலம். அதில் 1.125 கிராம் எடுத்துக் கரைத்தால் கிடைக்கும் கரைசல் 0.05 அல்ல, 0.0357 மோலாரிட்டி. ஏட்டில் உள்ள கணக்கை மட்டும் சரிபார்த்தால் பிழை தெரியாது. பெருக்கல், வகுத்தல் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். தரம்பார்க்கும்போதுதான் வெளியே வரும். 0.02 மோலாரிட்டி பெர்மாங்கனேட் 20 மி.லி. செலவாக வேண்டிய இடத்தில் 14.3 மி.லி.யிலேயே இளஞ்சிவப்பு நிலைத்துவிடும். 14.3-ஐ 20-ஆல் வகுத்தால் 0.714. 90-ஐ 126-ஆல் வகுத்தாலும் 0.714. இந்த எண் எட்டிப் பார்த்தால் பாட்டில் சீட்டை எடுத்துப் படிக்க வேண்டும். ஏட்டில் பொருளின் பெயரோடு, சீட்டில் உள்ள முழு வாய்ப்பாட்டையும் எழுதிவைப்பது இதற்காகத்தான்.

இரண்டு மடங்கு வித்தியாசம் வந்தால் சந்தேகம் நார்மாலிட்டி மீது போக வேண்டும். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தின் பருமனறி பகுப்பாய்வில் நார்மாலிட்டி பழக்கம், சி.பி.எஸ்.இ. மாணவர்கள் மோலாரிட்டியில் எழுதுகிறார்கள். ஆக்சாலிக் அமிலம் இரு காரத்துவம் உடையது என்பதால் அதன் சமான நிறை 126-இல் பாதி, 63. ஆகவே 1.576 கிராம் கரைந்த அதே 250 மி.லி. கரைசல் 0.1 நார்மாலிட்டி, 0.05 மோலாரிட்டி. அண்ணன் வைத்திருந்த பழைய ஏட்டைப் பார்த்து 0.1 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அருகில் மோலாரிட்டி என்று எழுதினால் விடை இரட்டிப்பாகிவிடும். எண்ணுக்குப் பக்கத்தில் M அல்லது N என்ற எழுத்து இல்லாத வரியை நான் முடிந்த வரியாகவே ஏற்பதில்லை.

நான்கு மடங்கு வந்தால், லிட்டருக்கும் கால் லிட்டருக்கும் இடையே குழப்பம். 0.05 மோலாரிட்டி கரைசல் ஒரு லிட்டரில் 6.30 கிராம் அமிலம் இருக்கும். ஒரு லிட்டருக்கான இந்த எண்ணை எடுத்த எடை என்ற இடத்தில் எழுதிவிடுகிறார்கள். சிலர் உண்மையாகவே 6.30 கிராமை 250 மி.லி.யில் கரைத்தும்விடுகிறார்கள். அப்போது பியூரெட்டில் ஊற்றிய 50 மி.லி. பெர்மாங்கனேட் முழுவதும் தீர்ந்தும் நிறம் நிலைக்காது. இதைக் கண்டுபிடிக்கத் தனியாகக் கணக்கே வேண்டாம்.

ஏட்டுக் கணக்கு எட்டாத பிழைகளும் உண்டு. எடையிட்ட படிகத்தில் கொஞ்சம் புனலுக்கு வெளியே சிந்தியிருந்தால் கணக்கு 0.0505 என்றே சொல்லும். குடுவையில் இருப்பது அதைவிடக் குறைவு. அளவுக்குடுவையின் கோட்டைத் தாண்டி நீர் ஊற்றிவிட்டு, பிப்பெட்டால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துக் கோட்டுக்குக் கொண்டுவந்தாலும் அப்படித்தான். எடுத்தது நீர் மட்டுமல்ல, கரைசல். அதோடு அமிலமும் போய்விட்டது. கோட்டைத் தாண்டினால் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதைத் தவிர வழியில்லை. மூடியைப் போட்டுக் குடுவையைப் பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்காமல் விட்டால், அடியில் அடர்ந்தும் மேலே நீர்த்தும் இருக்கும். அப்போது பிப்பெட்டில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் பியூரெட் அளவு வேறுபடும், ஒத்த அளவு வரவே வராது. மாணவர் பியூரெட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

பாட்டில் திறந்தே கிடந்து, வறண்ட வெப்பத்தில் படிகநீரில் ஒரு பகுதி வெளியேறியிருந்தால் பிழை எதிர்ப்பக்கம் திரும்பும். அதே 1.592 கிராமில் நீர் குறைந்து அமிலம் கூடியிருக்கும். கரைசல் கணக்கில் வந்ததைவிட அடர்ந்திருக்கும். பளபளப்பு போய் மாவு பூத்தாற்போல் தெரியும் படிகத்தை எடுக்காமல் விடுவது நல்லது.

இப்படிப்பட்ட பிழை இருக்கிறதா என்று பார்க்க, இன்னொரு பொருளைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும். மோர் உப்பு அதற்கு ஏற்றது. பள்ளி ஆய்வகத்தில் எப்படியும் இருக்கும். அதன் மோலார் நிறை 392.14, படிகநீர் ஆறு மூலக்கூறு. 250 மி.லி. 0.05 மோலாரிட்டி கரைசலுக்கு 4.902 கிராம். வெறும் நீரில் கரைத்தால் இரும்பு நீராற்பகுப்படைந்து கரைசல் கலங்கும். ஆகவே நீர்த்த கந்தக அமிலம் சேர்த்துக் கரைக்க வேண்டும். தரம்பார்க்கும்போது இதைச் சூடாக்கவும் கூடாது. இங்கே 5 மோல் மோர் உப்புக்கு 1 மோல் பெர்மாங்கனேட்தான் என்பதால், 20 மி.லி.க்கு ஏறக்குறைய 10 மி.லி. செலவாகும்.

இப்போது அதே பெர்மாங்கனேட்டுக்கு இரண்டு வழியில் இரண்டு மோலாரிட்டி கிடைத்திருக்கிறது. மோர் உப்பு வழியில் 0.0200, ஆக்சாலிக் அமில வழியிலும் 0.0200 என்றால் இரண்டு எடைகளையும் நம்பலாம். ஆக்சாலிக் அமில வழியில் மட்டும் 0.0206 வந்தால், குடுவையில் ஏட்டில் உள்ளதைவிடக் கிட்டத்தட்ட 3 சதவீதம் அமிலம் குறைவு என்று பொருள். சிந்தியதா, கோட்டைத் தாண்டியதா என்று பார்க்கலாம். 0.0194 வந்தால் அமிலம் கூடுதல், படிகநீர் போயிருக்கலாம். மோர் உப்பும் தவறாத சாட்சி அல்ல. பழைய உப்பில் இரும்பின் ஒரு பகுதி காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து பெர்மாங்கனேட்டோடு வினைபுரியாமல் போகும். வெளிர் பச்சை மங்கி மஞ்சள் தட்டியிருந்தால் அதை எடுக்கக்கூடாது. இரண்டு எண்களும் ஒத்துவராவிட்டால், புதிதாகத் திறந்த பாட்டிலிலிருந்து ஆக்சாலிக் அமிலத்தை மறுபடி நிறுத்து, புதிய எடையைப் பழைய எடைக்குக் கீழே தேதியோடு எழுத வேண்டும். பழையதை ஒரு கோடு போட்டு அடிக்கலாம், படிக்க முடியாதபடி அழிக்கக்கூடாது. அடுத்து வருபவருக்கு எது எப்படி மாறியது என்று தெரிய அந்த எண் தேவைப்படும்.