விகிதம் ஊசலாடினால் என்ன செய்வது?

எண்களை முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் கூட்டுத்தொகை ஓர் எண்ணில் போய் அடங்குமா, அடங்காமல் ஏறிக்கொண்டே போகுமா? கல்லூரியில் கணிதம் படித்தவர்களுக்கு இதற்கான விகிதச் சோதனை நினைவிருக்கும். 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் தாலம்பேரின் பெயரால் வழங்குவது. தொடரின் உறுப்புகள் எல்லாம் மிகை எண்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் உறுப்பையும் அதற்கு முந்தையதால் வகுக்க வேண்டும். அந்த விகிதம் போகப்போக 1-க்குக் குறைவான ஓர் எண்ணை நெருங்கினால் தொடர் ஒருங்கும். 1-ஐவிடப் பெரிய எண்ணை நெருங்கினால் விரியும்.

விகிதம் எதையுமே நெருங்காவிட்டால்? இந்தத் தொடரைப் பாருங்கள்:

1 + 1/2 + 3/8 + 3/16 + 9/64 + …

முதல் விகிதம் 1/2, அடுத்தது 3/4, மறுபடி 1/2, மறுபடி 3/4. கடைசிவரை இப்படியே மாறி மாறித்தான் வரும். எல்லை என்று ஒன்று கிடையாது. ஆகவே பாடப்புத்தகச் சோதனை இங்கே வாய் திறக்காது. ஆனால் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது: எந்த விகிதமும் 3/4-ஐத் தாண்டவில்லை. அப்படியானால் ஒவ்வோர் உறுப்பும் 1, 3/4, 9/16 என்று இறங்கும் பெருக்குத் தொடரின் உறுப்புக்கு உட்பட்டே இருக்கும். அந்தப் பெருக்குத் தொடர் ஒருங்குவதால் இதுவும் ஒருங்கியே தீர வேண்டும். இரண்டிரண்டாகச் சேர்த்துக் கூட்டினால் விடையே கிடைத்துவிடும்: 2.4.

நமக்குத் தேவைப்பட்டது எல்லை அல்ல, ஒரு கூரை. அதைத்தான் மேல் எல்லை என்கிறோம். Limsup என்று எழுதுவார்கள். தொடக்கத்து விகிதங்கள் சிலவற்றை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சம் இருப்பவற்றுக்குக் கூரை போடுங்கள். இன்னும் வெட்டுங்கள், கூரை இறங்கும் அல்லது அப்படியே நிற்கும். அது கடைசியில் போய்ச் சேரும் அளவுதான் மேல் எல்லை. முதலில் 50, 7 என்று பூதாகரமான விகிதங்கள் வந்திருந்தாலும் கவலையில்லை, அவை வெட்டில் போய்விடும். இதேபோல் தரையைப் பார்த்தால் கீழ் எல்லை, liminf. மேலே சொன்ன தொடரில் அவை 3/4, 1/2.

சோதனையின் திருத்திய வடிவம் இது: மேல் எல்லை 1-க்குக் குறைவு என்றால் தொடர் ஒருங்கும். கீழ் எல்லை 1-ஐவிடப் பெரிது என்றால் விரியும். ஏனென்றால் ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒவ்வோர் உறுப்பும் முந்தையதைவிடப் பெரிதாகிக்கொண்டே போகிறது.

விடைத்தாள்களில் சறுக்கல் நடப்பது இதற்கு அடுத்த வரியில்தான். ‘மேல் எல்லை 1-ஐவிடப் பெரிது, ஆகவே விரியும்’ என்று எழுதிவிடுவார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் தவறு. மேல் எல்லை 2 என்றால், விகிதம் 2-க்கு அருகே திரும்பத் திரும்ப வருகிறது என்றுதான் பொருள். நடுநடுவே எவ்வளவு சரிகிறது என்பதை அது சொல்வதில்லை.

1 + 2 + 1/4 + 1/2 + 1/16 + 1/8 + …

இங்கே விகிதங்கள் 2, 1/8, 2, 1/8. மேல் எல்லை 2, கீழ் எல்லை 1/8. ஆனால் உறுப்புகளை உற்றுப் பாருங்கள்: இது 2 + 1 + 1/2 + 1/4 + … என்ற சாதாரணப் பெருக்குத் தொடர்தான், பக்கத்துப் பக்கத்து உறுப்புகள் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவே. கூட்டுத்தொகை 4.

இப்போது விகிதங்களை 2, 2, 2, 1/8 என்ற சுழற்சியில் வையுங்கள். உறுப்புகள் 1, 2, 4, 8, 1, 2, 4, 8 என்று வரும். மேல் எல்லை அதே 2, கீழ் எல்லை அதே 1/8. இந்தத் தொடரோ விரிகிறது. இரண்டு எல்லைகளும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தும் ஒன்று ஒருங்குகிறது, மற்றது விரிகிறது. 1 என்ற எண் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவே மாட்டிக்கொண்டால், அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அப்போது வேறு வழி பார்க்க வேண்டும். முதல் வழி, ஓர் உறுப்பை அதற்கு இரண்டு இடம் முன்னால் உள்ளதால் வகுப்பது. 4-இல் முடிந்த தொடரில் அந்த விகிதம் எப்போதும் 1/4, ஊசலாட்டமே மறைந்துவிடுகிறது. இரண்டாவது, கோஷியின் மூலச் சோதனை: n-ஆவது உறுப்பின் n-ஆம் மூலத்தை எடுத்து அதன் மேல் எல்லையைப் பார்ப்பது. விகிதச் சோதனை தீர்ப்புச் சொல்லும் இடமெல்லாம் இதுவும் சொல்லும். விகிதச் சோதனை திணறும் சில இடங்களிலும் சொல்லும். அதே தொடரில் மூலம் 1/2-ஐ நெருங்குகிறது, ஆகவே ஒருங்குகிறது என்று ஐயமின்றிச் சொல்லலாம்.

1, 2, 4, 8 சுழற்சியில் மட்டும் மூலமும் 1-ஐ நெருங்கிக் கைவிரித்துவிடுகிறது. அங்கே எந்தச் சோதனையும் வேண்டாம்: நான்கு உறுப்புக்கு ஒரு முறை கூட்டுத்தொகையில் 15 ஏறிக்கொண்டே இருக்கிறது.