கையெழுத்துப் போட்டாலே கடனாளியா?

கொலை வழக்கில் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. சாட்சிகளை எல்லாம் கேட்டு முடித்த பிறகும், சாதாரண அறிவுள்ள ஒருவர் காரணம் சொல்லக்கூடிய சந்தேகம் மிஞ்சினால், அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான். 'இப்படியும் இருக்கலாமோ' என்று கற்பனையில் எழும் சந்தேகம் போதாது. சாட்சியத்திலிருந்து எழ வேண்டும்.

செக் மோசடி வழக்கில் இந்த வரிசை மாறுகிறது. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாட்களுக்குள் புகார்தாரர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால் வழக்குத் தொடரலாம். கையெழுத்து தன்னுடையதுதான் என்று செக் கொடுத்தவர் ஒப்புக்கொண்டுவிட்டால், அது கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்றே செலாவணி முறிச் சட்டத்தின் 139-வது பிரிவு அனுமானிக்கிறது. கடனே இல்லை என்று காட்ட வேண்டிய சுமை இப்போது அவர் தலையில். குற்றம் உறுதியானால் இரண்டு ஆண்டு வரை சிறை, செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம்.

ஆனால் அந்தச் சுமை அரசுத் தரப்பு சுமப்பதைப் போல அத்தனை கனமானதல்ல. அவர் சொல்வது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நீதிபதிக்குத் தோன்றினால் போதும். அவர் சாட்சிக் கூண்டில் ஏறவேண்டிய கட்டாயமும் இல்லை. புகார்தாரரைக் குறுக்கு விசாரணை செய்தே சாதிக்கலாம்.

2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கர்நாடக வழக்கு ஒன்றில் அதுதான் நடந்தது. செக் தொகை 6 லட்சம் ரூபாய். அதைக் கடனாகக் கொடுத்ததாகச் சொன்னவர் 1997-ல் ஓய்வுபெற்ற போக்குவரத்துக் கழக ஊழியர். அப்போது கைக்கு வந்தது 8 லட்சம். கடன் கொடுத்ததாகச் சொன்ன காலத்தை ஒட்டியே, வேறொரு கிரய ஒப்பந்தத்துக்கும் நாலரை லட்சம் கொடுத்திருந்தார். அப்படியானால் 6 லட்சம் எங்கிருந்து வந்தது? அவரால் விளக்க முடியவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் கொடுத்த தண்டனை ரத்தாகி, விசாரணை நீதிமன்றத்தின் விடுதலைத் தீர்ப்பு நிலைத்தது.

எல்லாச் சட்டமும் இத்தனை இளகியதல்ல. போதைப்பொருள் சட்டத்தின் 35-வது பிரிவில், குற்ற எண்ணம் தனக்கு இல்லை என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவரே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். கொலை வழக்கில் அரசிடம் கேட்கிற அளவை ஒரு தனிமனிதரிடம் கேட்பது மிகக் கடுமை என்றே நினைக்கிறேன். பொருள் அவர் வசம் இருந்ததை அரசுத் தரப்பு முதலில் நிரூபித்தாக வேண்டும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது ஓரளவு பாதுகாப்பு.

தொகை எழுதாத செக்கில் கையெழுத்திட்டு யாரிடமும் கொடுக்காதீர்கள். நோட்டீஸ் வந்தால் வாங்கிப் படித்து, உங்கள் தரப்பை அப்போதே பதிலாக எழுதி அனுப்புங்கள்.