கேலிக்குச் சிரிப்பே பதில்: 20 விநாடிக் காணொளி எழுதுவது எப்படி?

போர்ட் கிள்ளான் பெண் ஒருவர் நண்டுக் குழம்பு வைக்கும் காணொளியைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "இதெல்லாம் ஒரு தமிழா?" என்று ஒருவர் கேலி செய்கிறார். கோபமாகப் பதில் சொன்னால் சண்டைதான் பரவும், குழம்பு மறந்துபோகும்.

பதிலை மூன்று படியாக எழுதலாம். முதலில் கேலியை மாற்றாமல் வாசியுங்கள். அடுத்து, சிரிப்பை உங்கள் பக்கமே திருப்புங்கள். பிறகு சமையலுக்கே திரும்புங்கள்.

"'இதெல்லாம் ஒரு தமிழா'ன்னு கேட்டிருக்கீங்க. தமிழ்தான் அண்ணே! துறைமுகத்து ஊரு இல்லையா, கப்பலோட நாலு மலாய் வார்த்தையும் இறங்கிடுச்சு. 'பாசார்'னு சொன்னாத்தான் எங்க வீட்டுல மீன் வரும். சரி, நண்டுக்கு வருவோம்."

இதில் கேலி செய்தவரின் ஊர், படிப்பு, தோற்றம் எதுவும் இல்லை. அவற்றைத் தொட்டால் அது நகைச்சுவை அல்ல, பதிலடி.

டிக்டாக்கில் காணொளியாகப் பதில் போட்டால் அவருடைய கணக்குப் பெயரும் திரையில் தெரியும். உங்கள் ரசிகர்கள் அவர்மீது பாயக்கூடும். ஆகவே பெயரை விட்டுவிட்டு, கேலியை மட்டும் வாய்விட்டு வாசிப்பது நல்லது.

மிரட்டலுக்கு இந்த வழி பொருந்தாது. திரைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு போலீசில் புகார் செய்யுங்கள். இணையப் பகடிவதைக்கு எதிரான குற்றவியல் சட்டத் திருத்தம் 2025 ஜூலை 11 முதல் நடப்பில் உள்ளது.