வேலையை விட்டுப் போகிறவர்களின் கணக்கு

ஒரு நிறுவனத்தில் ஓராண்டில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்பதை, அங்கு சராசரியாக இருந்த ஆட்களின் எண்ணிக்கைக்கு நூற்றுக்கு இத்தனை என்று சொல்வதே பணி விலகல் விகிதம். ஒரு பின்னலாடை ஆலையைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரலில் 480 டெய்லர்கள், அடுத்த மார்ச்சில் 520 பேர், சராசரி 500. இடையில் விலகியவர்கள் 150 பேர்.

150 ÷ 500 × 100 = 30%

மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் மாறிவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. ஒரே தையல் மெஷினில் ஆண்டுக்குள் மூன்று பேர் வந்து போயிருக்கலாம். பக்கத்து மெஷினில் பத்து வருடமாக ஒருவரே இருக்கலாம். அதனால் விலகியவர்கள் எத்தனை மாதம் இருந்தார்கள் என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த ஆலையில் 90 பேர் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே போனவர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

ஒருவர் போனால் செலவு என்ன? புது ஆளைக் கொண்டுவர ஏஜென்ட் கமிஷன் 2,000 ரூபாய். கணக்குப் புத்தகத்தில் ஏறுவது இது ஒன்றுதான். புதியவரின் மாதச் சம்பளம் 15,000. முதல் இரண்டு மாதம் அவர் பாதி வேலைதான் முடிப்பார் என்றால், ஒரு மாதச் சம்பளத்துக்கு உற்பத்தியே இல்லை: 15,000. அவருக்குக் கற்றுத்தரும் சூப்பர்வைசரின் நேரம் 3,000, பிரித்துத் தைக்கும் துணிகள் 2,000. மொத்தம் 22,000. 150 பேருக்கு 33 லட்சம். இதில் கண்ணுக்குத் தெரிவது 3 லட்சமே. சீக்கிரம் விலகுகிறவர்தான் அதிக நஷ்டம். கை பழகி, செலவு திரும்பி வருவதற்குள் போய்விடுகிறார். அந்த 90 பேரில் பாதிப் பேரை நிறுத்தினாலே விகிதம் 21 ஆகும், 9.9 லட்சம் மிஞ்சும்.

எப்படி நிறுத்துவது? இதற்குப் பழைய உதாரணம் ஃபோர்டு. 1913-ல் டெட்ராய்ட் அருகே அதன் ஹைலண்ட் பார்க் ஆலையில் சுமார் 13,600 பேர் இருந்தார்கள். அந்த ஆண்டில் வெளியேறியவர்கள் 50,000-க்கும் மேல். விகிதம் ஏறக்குறைய 370%. ஒரே வேலையை ஓயாமல் செய்யவைத்த அசெம்பிளி லைனை மனிதர்கள் சகிக்கவில்லை. 1914 ஜனவரியில் நிர்வாகம் வேலை நேரத்தை ஒன்பதிலிருந்து எட்டு மணியாகக் குறைத்து, தினக்கூலியை ஏறத்தாழ இரட்டிப்பாக்கி ஐந்து டாலர் ஆக்கியது. ஆனால் அதில் ஏறக்குறைய பாதி லாபப் பங்கு. அதைப் பெற ஆறு மாதம் வேலையில் இருந்திருக்க வேண்டும். ஆட்கள் அதிகம் உதிரும் காலத்தைத் தாண்டினால்தான் பணம் என்று கட்டிய நிபந்தனை அது. 1915-ல் விகிதம் 16% ஆனது.

பாராட்டு முழுவதையும் ஐந்து டாலருக்கே தர முடியாது. 1914-ல் அமெரிக்காவில் தொழில் மந்தம். வேறு வேலை கிடைப்பது கடினமாக இருந்தது. லாபப் பங்குக்காகத் தொழிலாளிகளின் வீட்டுக்கே ஆள் அனுப்பி விசாரித்ததும் உண்டு. இன்றைய ஆலை ஒன்று அந்த வழியில் போகத் தேவையில்லை. பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளத்தைச் சேரும்போதே சொல்வது, முதல் எட்டு வாரம் டார்கெட்டைக் குறைத்து வைப்பது, 90 நாள் முடிந்ததும் ஒரு தொகை தருவது ஆகியவை போதும். அந்தத் தொகை 5,000 என்றாலும் 22,000-க்கு மிகக் குறைவு. எப்படியும் இருந்திருக்கக்கூடியவர்களுக்கும் அதைத் தரவேண்டியிருக்கும் என்பதைக் கழித்துத்தான் லாபத்தைப் பார்க்க வேண்டும்.