விலகும் பங்காளிக்கு என்ன விலை?

காலை நிகழ்ச்சி முடிந்து மைக்கை அணைத்த பிறகுதான் அந்த அழைப்பு வந்தது. "தம்பி, நேரலையில பேசற விஷயம் இல்ல இது. கொஞ்சம் கேக்கணும்," என்றார் அந்த அண்ணன். குளிர்பதன லோரிகள் வைத்துத் தொழில் செய்யும் நிறுவனம் அவருடையது. 2019-இல் ஓர் உணவுத் தொழிற்சாலையோடு சேர்ந்து, உறைய வைத்த ரொட்டி சானாய் தயாரிக்கப் புதிதாக ஒரு சென்டிரியான் பெர்ஹாட் தொடங்கினார்கள். தொழிற்சாலைக்கு 60 விழுக்காடு, இவர் நிறுவனத்துக்கு 40. இப்போது பழைய லோரிகளை மாற்றப் பணம் தேவைப்படுவதால் விலகிவிட நினைக்கிறார். எதிர்த்தரப்பு சொன்ன விலை 4 லட்சத்து 40 ஆயிரம் வெள்ளி. "இது நியாயமா, தம்பி?"

எனக்கு எப்படித் தெரியும்? அவர் அனுமதியோடு ஒப்பந்தத்தையும் கணக்கையும், நிறுவன விவகாரங்களைப் பார்க்கும் வழக்கறிஞர் நண்பரிடமும் ஒரு கணக்காய்வாளரிடமும் காட்டினேன். அவர்கள் விளக்கியதை, விவரங்களைச் சற்று மாற்றி, எண்களை எளிதாக்கி இங்கே எழுதுகிறேன்.

ஒப்பந்தத்தில் விலையைப் பற்றி இருந்தது ஒரே வரி: விலகுபவரின் பங்குகள் 'நியாயமான மதிப்பில்' வாங்கப்படும். இந்த இரண்டு சொற்களுக்குள் மூன்று விலைகள் ஒளிந்திருந்தன.

முதல் விலை, ஏட்டில் உள்ளது. இயந்திரம், சரக்கு, வர வேண்டிய பணம் எல்லாவற்றையும் கூட்டி, கடனைக் கழித்தால் 11 லட்சம் வெள்ளி. அதில் 40 விழுக்காடுதான் எதிர்த்தரப்பு சொன்ன 4 லட்சத்து 40 ஆயிரம். கணக்கில் தவறில்லை. ஆனால், பேரங்காடிகளில் அந்த ரொட்டிக்கு இருக்கும் பெயரும் வாடிக்கையான ஆர்டர்களும் இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

இரண்டாவது, இலாபத்தை வைத்துப் போடும் விலை. ஆண்டு இலாபம் 5 லட்சத்து 60 ஆயிரம் என்று ஏடு சொன்னது. கணக்காய்வாளர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. தொழிற்சாலைக் கட்டடம் எதிர்த்தரப்புக்குச் சொந்தமானது. சந்தை வாடகையைவிட மாதம் 5,000 வெள்ளி குறைவாக வாங்கி வந்தார்கள். வெளியார் இடமாக இருந்தால் ஆண்டுக்கு 60,000 கூடுதலாகச் செலவாகியிருக்கும். ஆக உண்மை இலாபம் 5 லட்சம். இது நம் அண்ணனுக்குப் பாதகமான திருத்தம்தான். ஆனால், இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால்தான் மற்ற எண்களை எதிர்த்தரப்பு நம்பும் என்றார் அவர். இத்தகைய தொழிலுக்கு ஆண்டு இலாபத்தைப்போல் ஐந்து மடங்கு என்று வைத்துக்கொண்டால் 25 லட்சம். வங்கிக் கடன் 5 லட்சம் போக 20 லட்சம். அதில் 40 விழுக்காடு 8 லட்சம் வெள்ளி.

மூன்றாவது விலையில்தான் சண்டை வரும். 40 விழுக்காடு வைத்திருப்பவரால் தனியாக எதையும் முடிவு செய்ய முடியாது. ஆகவே அந்தப் பங்கை வெளியார் யாரும் முழு விலைக்கு வாங்கமாட்டார்கள் என்று வாதிட்டு, 25 விழுக்காடு கழிவு கேட்பார்கள். 8 லட்சம் உடனே 6 லட்சமாகிவிடும். வாங்குபவரோ ஏற்கெனவே 60 விழுக்காடு வைத்திருப்பவர். இதை வாங்கியதும் முழு நிறுவனமும் அவருடையது. அவருக்கு அந்தக் கழிவு ஏன் கிடைக்க வேண்டும் என்பது எதிர்வாதம். 'நிறுவனத்தின் முழு மதிப்பில், பங்கு விழுக்காட்டின்படி, கழிவு இன்றி' என்று 2019-இல் எழுதியிருந்தால் இந்த 2 லட்சத்துக்குப் பேச்சே எழுந்திருக்காது.

விலையை யார் முடிவு செய்வது என்பதும் எழுதப்பட வேண்டும். நிறுவனத்தின் சொந்தக் கணக்காய்வாளர் என்று போட்டுவிடுவது பலர் செய்வது. பெரும்பான்மைப் பங்குதாரரின் ஆதரவு இருந்தால்தான் அவர் அந்த வேலையில் தொடர முடியும் என்பதை மறந்துவிடுகிறார்கள். நல்லவேளையாக இந்த ஒப்பந்தத்தில், 21 நாளில் விலை ஒத்துவராவிட்டால் வெளியிலிருந்து ஒரு கணக்காய்வு நிறுவனம் வரும் என்று இருந்தது. அவர்கள் சொல்வது வெளிப்படையான பிழை இருந்தாலொழிய இறுதியானது.

அடுத்து, முன்னறிவிப்பு. ஆறு மாதம் முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அண்ணன் வாட்ஸ்அப்பில் தெரிவித்திருந்தார்! பதிவு அலுவலக முகவரிக்குக் கடிதம் சேர்ந்த நாளிலிருந்துதான் ஆறு மாதம் தொடங்கும் என்று ஒப்பந்தம் சொன்னது. அதாவது, வாட்ஸ்அப் அனுப்பிய பிறகு கழிந்த இரண்டு மாதம் கணக்கில் சேராது.

அதைவிடப் பெரியது, எந்த நாளின் மதிப்பு என்பது. வெளியேறும் நாளின் மதிப்பு என்று இருந்தால், நடுவில் இருக்கும் ஆறு மாதத்தில் புதிய ஆர்டர்களைத் தள்ளிப்போட்டு, செலவை முன்கூட்டியே காட்டி, இலாபத்தைக் குறைக்க வாங்குபவருக்கு வாய்ப்புண்டு. ஆகவே, கடிதம் சேர்வதற்கு முந்தைய மாத இறுதிக் கணக்கை எடுத்துக்கொள்ளும்படி கேட்கச் சொன்னார் வழக்கறிஞர்.

அண்ணனுக்கு உறக்கம் கெட்டது இவற்றால் அல்ல. விலகிய பிறகு ஐந்து ஆண்டுகளுக்குத் தீபகற்ப மலேசியாவில் 'உறைந்த உணவுத் தொடர்புடைய எந்தத் தொழிலும்' செய்யக்கூடாது என்று ஒரு விதி. அப்படியானால் மற்றவர்களின் உறைந்த மீனைக்கூட அவருடைய லோரி ஏற்றக்கூடாது!

இங்கே நம் நாட்டுச் சட்டம் கைகொடுக்கிறது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவின்படி, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. 1964-இலேயே ஒரு வழக்கில், கோத்தா பாருவிலிருந்து ஐந்து மைலுக்குள் இரண்டு ஆண்டுகள் தொழில் செய்யக்கூடாது என்று ஒரு வழக்கறிஞருக்கு விதிக்கப்பட்ட தடை இந்தப் பிரிவின்கீழ் செல்லாமல் போனது. தடை நியாயமான அளவில் இருந்தால் ஏற்கலாம் என்பது சிங்கப்பூர் வழி. அங்கே காலம், இடம், தொழில் மூன்றையும் பார்ப்பார்கள். ஆகவே, ஒப்பந்தத்தை எந்த நாட்டுச் சட்டம் ஆள்கிறது என்ற கடைசிப் பக்க வரியைப் பாருங்கள். ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் கூட்டு வைத்திருப்பவர்களுக்கு இது அவசியம்.

உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம் என்றார் நண்பர். 28-ஆவது பிரிவில் விதிவிலக்கும் உண்டு. தொழிலின் நற்பெயரை விற்பவர், வாங்கியவர் அதே தொழிலைச் செய்யும்வரை, குறிப்பிட்ட எல்லைக்குள் அந்தத் தொழிலைச் செய்வதில்லை என்று ஒப்புக்கொள்ளலாம். எல்லை நியாயமாக இருக்க வேண்டும். பங்கை மாற்றிக்கொடுப்பது நற்பெயரை விற்பதாகுமா என்பதில் வாதத்துக்கு இடமிருப்பதால், வாங்குபவரின் வழக்கறிஞர் நற்பெயருக்கென்று ஒரு தொகையைத் தனியாக எழுதப் பார்ப்பார். 8 லட்சம் கேட்கும்போது அதில் நற்பெயரும் அடங்கியிருக்கிறது. அதற்குப் பணம் வாங்கிக்கொண்டு, மறுநாளே பக்கத்துத் தெருவில் அதே ரொட்டியைத் தட்டினால் எந்த வாங்குபவர் பொறுப்பார்? இன்னொன்று, தடை செல்லாவிட்டாலும் ரகசியக் காப்பு விதி நிற்கும். ரொட்டியின் சேர்மானக் குறிப்பையும் விலைப்பட்டியலையும் எடுத்துப்போக முடியாது.

பேச்சு வார்த்தையில் அண்ணன் அதைத்தான் விட்டுக்கொடுத்தார். கிள்ளான் பள்ளத்தாக்கில் இரண்டு ஆண்டுகளுக்கு உறைந்த ரொட்டி தயாரிப்பதில்லை. ஆனால் யாருடைய உறைந்த உணவையும் லோரியில் ஏற்றலாம். விலை 7 லட்சத்து 40 ஆயிரத்தில் நின்றது. அவர் நிறுவனம் கூட்டுக்குக் கடனாகக் கொடுத்திருந்த ஒன்றரை லட்சம் இதில் சேராமல் தனியே திரும்பி வருகிறது. பலர் அதைப் பங்கு விலைக்குள் கரையவிட்டுவிடுவார்களாம்.

கையெழுத்து இன்னும் ஆகவில்லை. வங்கிக் கடனுக்கு அண்ணன் சொந்தப் பெயரில் உத்தரவாதம் கொடுத்திருக்கிறார். பங்கை விற்பதாலோ இயக்குநர் பதவியை விடுவதாலோ அது தானாக நீங்காது. வங்கி எழுத்து மூலம் விடுவிக்க வேண்டும். அந்தக் கடிதம் வந்த பிறகே பங்கு மாற்றுப் படிவத்தில் கையெழுத்து என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். "பேங்க்ல இன்னும் ரெண்டு வாரம்னு சொல்றாங்க, தம்பி," என்று நேற்று அழைத்துச் சொன்னார்.